எம்பிஏவா, சான்றிதழா? கட்டணம் கட்டுவதற்கு முன் அக்கா சொல்வதைக் கேள்

தம்பி, உனக்கு வயது முப்பத்தைந்தைத் தாண்டிவிட்டது. பி.இ. முடித்துப் பன்னிரண்டு, பதின்மூன்று வருடம் ஆகிவிட்டது. ராணிப்பேட்டையிலோ ஆம்பூரிலோ ஒரு டேனரியில் சீனியர் என்ஜினீயர் என்றோ டெபுடி மேனேஜர் என்றோ அட்டையில் போட்டிருக்கிறது. அதற்கு மேல் அந்த அட்டை மாறவில்லை. கூடப் படித்தவன் சென்னையில் எம்பிஏ சேர்ந்துவிட்டான், இன்னொருவன் ஏதோ சர்டிபிகேட் வாங்கி வேலை மாறிவிட்டான். நாமும் ஏதாவது படிக்க வேண்டும் என்று நினைக்கிறாய். எதைப் படிப்பது என்பதுதான் கேள்வி.

நான் கலவையிலிருந்து ராணிப்பேட்டைக்குப் பஸ் ஏறி, ஒரு தோல் நிறுவனத்தின் பர்சனல் பிரிவில் பல வருடமாக வேலை பார்ப்பவள். பதவி உயர்வுக் கோப்புகள் என் மேசை வழியாகத்தான் போகும். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்: எந்தப் படிப்பு பெரியது என்று கேட்காதே. நீ உட்கார நினைக்கும் அடுத்த நாற்காலி எது, அந்த நாற்காலியில் இருப்பவர் தினமும் எந்தத் தாளில் கையெழுத்துப் போடுகிறார் என்று பார். கையெழுத்து சட்டம் கேட்பதா, வெளிநாட்டு வாடிக்கையாளர் கேட்பதா, பணம் சம்பந்தப்பட்டதா? அதைப் பொறுத்துப் படிப்பு மாறும்.

முதலில் உன் கம்பெனியின் ஏணியைப் பார்

நம் பக்கத்து டேனரிகளில் பெரும்பாலானவை குடும்ப நிறுவனங்கள். தோல் கொள்முதல், விலை பேசுவது, வங்கி, வெளிநாட்டு வாடிக்கையாளரோடு கடைசிப் பேச்சு எல்லாம் முதலாளி குடும்பத்தின் கையில் இருக்கும். அண்ணன் கொள்முதலைப் பார்ப்பார், தம்பி விற்பனையைப் பார்ப்பார், அடுத்த தலைமுறை இங்கிலாந்தில் படித்துவிட்டு வந்து மார்க்கெட்டிங்கில் உட்காரும். இதில் குறை சொல்ல எதுவும் இல்லை, அவர்கள் போட்ட முதல் அது. ஆனால் மார்க்கெட்டிங்கிலோ நிதியிலோ எம்பிஏ வாங்கி அந்த நாற்காலிகளுக்கு நீ காத்திருந்தால் காத்துக்கொண்டேதான் இருக்க வேண்டும்.

குடும்பத்துக்கு வெளியே இருப்பவருக்கு இங்கே திறந்திருக்கும் மேல் நாற்காலிகள் எவை? உற்பத்தித் தலைவர், யுடிலிட்டி மற்றும் பராமரிப்பு மேனேஜர், கழிவுநீர்ச் சுத்திகரிப்பும் சுற்றுச்சூழலும் பார்க்கும் மேனேஜர், பாதுகாப்பு அதிகாரி, கம்ப்ளையன்ஸ் மேனேஜர். இவை எல்லாமே தொழில்நுட்பம் தெரிந்தவர் உட்கார வேண்டியவை. இவற்றில் சிலவற்றுக்கு இந்த மாவட்டத்தில் உள்ள எடை வேறு ஊரில் கிடையாது. காரணம் உனக்கே தெரியும். 1996 ஆகஸ்ட் 28 அன்று வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம், மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும் என்று தீர்ப்புச் சொன்னது. பாலாற்றங்கரை டேனரிகளுக்குச் சுத்திகரிப்பு நிலையம் உயிர்நாடி ஆனது அதிலிருந்துதான். 2025 ஜனவரி 30 அன்று அதே நீதிமன்றம் வேலூர் மாவட்டத் தோல் கழிவு விஷயத்தை மறுபடியும் கையில் எடுத்து உத்தரவு போட்டது. சுத்திகரிப்பு நின்றால் டிரம் சுற்றாது. அதனால்தான் அந்தப் பிரிவைச் சரியாக ஓட்டத் தெரிந்தவருக்கு முதலாளி அறையில் நேராகப் போய்ப் பேசும் இடம் கிடைக்கிறது.

உன் கம்பெனியில் கடைசியாக மேனேஜர் ஆன மூன்று பேரை நினைத்துப் பார். அவர்கள் பதவி ஏறிய சமயத்தில் கையில் என்ன படிப்பு இருந்தது, அதற்கு முந்தைய இரண்டு வருடத்தில் என்ன வேலையை முடித்துக் காட்டினார்கள் என்று விசாரி. மூவரில் எவரிடமும் எம்பிஏ இல்லையென்றால், உன் கம்பெனி எம்பிஏவுக்கு நாற்காலி தருவதில்லை என்று அர்த்தம். அதைத் தெரிந்துகொள்ள ஒரு டீ செலவு போதும்.

சட்டம் பெயர் சொல்லிக் கேட்கும் சான்றிதழ்

எல்லாச் சான்றிதழும் ஒரே ரகம் இல்லை. சிலவற்றைச் சட்டமே கேட்கிறது. அது இல்லாமல் எவ்வளவு திறமைசாலியாக இருந்தாலும் அந்தப் பதவியில் உன்னைக் காட்ட முடியாது.

இதற்கு நல்ல உதாரணம் பாதுகாப்பு அதிகாரி பதவி. 1948 தொழிற்சாலைகள் சட்டத்தின் 40பி பிரிவு, பொதுவாக 1,000 அல்லது அதற்கு மேற்பட்ட தொழிலாளர்கள் உள்ள தொழிற்சாலையில் பாதுகாப்பு அதிகாரி இருக்க வேண்டும் என்றது. 2020-இல் நிறைவேறிய பணியிடப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு அந்த எண்ணிக்கையை 500 ஆகக் குறைத்தது. ஆபத்தான செயல்முறை நடக்கும் தொழிற்சாலை என்றால் 250 போதும். தோல் பதனிடுதல் 1948 சட்டத்தின் முதல் அட்டவணையிலேயே ஆபத்தான செயல்முறைகள் வரிசையில் இருந்தது. ஆகவே இதுவரை பாதுகாப்பு அதிகாரி என்று தனியாக ஒருவரை வைக்காத நடுத்தர டேனரிகளும் இனி ஒருவரைத் தேட வேண்டிவரும். நம் பகுதியில் புதிதாக முளைக்கும் நாற்காலி என்று நான் இதைத்தான் சொல்வேன்.

இந்த இடத்தில் பல தம்பிகள் தடுக்கி விழுகிறார்கள். நெபோஷ் என்ற பிரிட்டிஷ் சான்றிதழுக்கு விளம்பரம் அதிகம். வளைகுடா நாடுகளுக்குப் போகிறவர்களுக்கு அது உதவும், பாடமும் நல்ல பாடம்தான். ஆனால் இங்கே தொழிற்சாலை ஆய்வாளரிடம் பாதுகாப்பு அதிகாரி என்று உன் பெயரைக் கொடுக்க அது போதாது. விதிகள் கேட்பது, என்ஜினீயரிங் பட்டமும் மேற்பார்வை அனுபவமும் இருந்து, அதற்கு மேல் அரசு அங்கீகரித்த தொழிலகப் பாதுகாப்பு டிப்ளமோ. சென்னை தரமணியில் உள்ள மண்டலத் தொழிலாளர் நிலையம் நடத்தும் தொழிலகப் பாதுகாப்பு அட்வான்ஸ்டு டிப்ளமோ அந்த வகையைச் சேர்ந்தது. அது மத்திய தொழிலாளர் அமைச்சகத்தின் கீழ் இருக்கும் நிறுவனம். தொழிலாளர்களில் பெரும்பாலோர் பேசும் மொழி தெரிந்திருக்க வேண்டும் என்றும் விதி இருக்கிறது. வடக்கிலிருந்து வந்து போட்டி போடுபவரை விட உனக்கு அதில் ஒரு படி கூடுதல்.

சேர்வதற்கு முன் தெரிந்துகொள், அது ஓராண்டு முழுநேரப் படிப்பு. சம்பளத்தோடு அனுப்புவார்களா, விடுப்பில் அனுப்புவார்களா, திரும்பி வந்தால் அந்தப் பதவி உனக்கா என்று எழுத்தில் வாங்காமல் போகாதே.

இது வெறும் தாள் சமாச்சாரமும் இல்லை. சுண்ணாம்பும் சோடியம் சல்பைடும் கலந்த லைமிங் தண்ணீர் கடும் காரமாக இருக்கும். பிக்கிள், குரோம் பகுதியிலிருந்து வருவது அமிலத் தண்ணீர். இரண்டும் ஒரே சாக்கடையில், ஒரே குழியில் சேர்ந்தால் ஹைட்ரஜன் சல்பைடு வாயு கிளம்பும். அழுகிய முட்டை நாற்றம் என்று எல்லோரும் சொல்வோம். அளவு கூடினால் மூக்கு மரத்துப்போய் அந்த நாற்றமே தெரியாது. 'நாற்றம் போய்விட்டது, இறங்கலாம்' என்று குழிக்குள் இறங்குபவர் அங்கேயே விழுவார், தூக்கப் போனவரும் விழுவார். 2015 ஜனவரி 31 அதிகாலையில் ராணிப்பேட்டை சிட்கோ வளாகத்தில் சுத்திகரிப்பு நிலையத் தொட்டியின் சுவர் இடிந்து, தூங்கிக்கொண்டிருந்த தொழிலாளர்கள் 10 பேர் சேற்றுக் கழிவில் மூழ்கி இறந்ததை நம் ஊர் மறக்காது. இந்த நாற்காலியில் உட்காருகிறவனுக்குப் படிப்பு நிஜமாகவே வேண்டும். இதில் அக்கா விட்டுக்கொடுக்கவே மாட்டேன்.

ஒரு தம்பியின் கணக்கைப் போட்டுப் பார்ப்போம்

இப்போது சட்டம் கட்டாயப்படுத்தாத, ஆனால் பணம் மிச்சப்படுத்திக் காட்டும் வகைக்கு வருகிறேன். ஒரு தம்பியை மனதில் வைத்துக்கொள். மெக்கானிக்கல் என்ஜினீயர். டேனரியில் பாய்லர், கம்ப்ரஸர், ஆர்ஓ, எவாப்பரேட்டர் எல்லாம் அவன் பொறுப்பு. யுடிலிட்டி மேனேஜர் ஆக வேண்டும் என்பது ஆசை. எம்பிஏ சேரலாமா, மத்திய அரசின் எரிசக்தித் திறன் பணியகம் நடத்தும் எனர்ஜி மேனேஜர் தேர்வு எழுதலாமா என்று யோசிக்கிறான்.

அவன் இடத்தில் பணம் எங்கே போகிறது என்று பார்ப்போம். நம் டேனரிகள் கழிவுநீரை வெளியே விடவே கூடாது. சுத்திகரித்த தண்ணீர் ஆர்ஓவுக்குள் போகும், நல்ல தண்ணீர் திரும்ப டிரம்முக்கு வரும், மிஞ்சும் உப்புத் தண்ணீர் எவாப்பரேட்டருக்குப் போகும். அங்கே நீராவி கொடுத்துத் தண்ணீரை ஆவியாக்கி உப்பைத் தனியாக எடுக்க வேண்டும். சுத்திகரிப்பிலேயே அதிகம் விறகு தின்னும் இடம் அதுதான்.

அவனுடைய எவாப்பரேட்டர் நாளுக்கு 50 டன் தண்ணீரை ஆவியாக்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். நான்கு கட்ட எவாப்பரேட்டர் நல்ல நிலையில் இருந்தால் ஒரு டன் நீராவிக்குச் சுமார் மூன்று டன் தண்ணீரை ஆவியாக்கும். 50-ஐ 3 ஆல் வகுத்தால் ஏறக்குறைய 16.7 டன் நீராவி. குழாய்களுக்குள் சுண்ணாம்பும் சிலிக்காவும் படிந்துவிட்டால் ஒரு டன் நீராவி 2.2 டன் தண்ணீரைத்தான் ஆவியாக்கும் என்று கொள். அப்போது வேண்டியது 22.7 டன் நீராவி. வித்தியாசம் நாளுக்கு 6 டன். ஒரு கிலோ விறகு மூன்று கிலோ நீராவி தரும் என்றால், தினமும் 2 டன் விறகு கூடுதலாக எரிகிறது. கிலோ 5 ரூபாய் என்று போட்டால் நாளுக்கு 10,000 ரூபாய், மாதம் 26 நாளுக்கு 2 லட்சத்து 60 ஆயிரம்.

இந்த நஷ்டம் எந்தப் பில்லிலும் தனி வரியாக வராது. 'மழைக்காலம், விறகு ஈரம்' என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். ஈரம் என்பதும் ஓரளவு உண்மையாக இருக்கலாம், அதனால்தான் அந்தப் பேச்சு நிற்கிறது. கண்டுபிடிக்கும் வழி இருக்கிறது. விறகை மட்டும் அளந்தால் ஈரத்தையும் படிவையும் பிரிக்க முடியாது, ஆகவே நீராவியையும் அளக்க வேண்டும். நீராவி மீட்டர் இல்லையென்றால் பாய்லருக்குப் போகும் தண்ணீரின் மீட்டரைப் பார்த்துக் கணக்கிடு. ஆவியாக்கிய தண்ணீருக்கும் செலவான நீராவிக்கும் உள்ள விகிதம் வாரா வாரம் குறைந்துகொண்டே போனால், குற்றம் விறகில் இல்லை, எவாப்பரேட்டரில்தான். அப்புறம் வெற்றிட மானியைப் பார். வெற்றிடம் குறைந்திருந்தால் எங்கோ காற்று கசிகிறது, அல்லது கண்டென்ஸருக்குப் போகும் குளிர்நீர் போதவில்லை. வெற்றிடம் சரியாக இருந்தும் அதே அளவு தண்ணீருக்கு நீராவி அழுத்தத்தை ஏற்ற வேண்டியிருந்தால், குழாயில் படிவு ஏறிவிட்டது. முதலாவதற்கு கேஸ்கெட்டும் பம்பும் பார்க்க வேண்டும், இரண்டாவதற்கு நிறுத்திக் கழுவ வேண்டும். கழுவினால் மட்டும் போதாது. ஆர்ஓவுக்கு முன்னால் தண்ணீரின் கடினத்தன்மையை எடுக்கும் பகுதி ஒழுங்காக ஓடாவிட்டால் படிவு சீக்கிரமே திரும்பி வரும். இன்னும் ஒரு படி பின்னால் போனால், உப்புத் தோலை ஊறப்போடுவதற்கு முன் உப்பை நன்றாக உதறி எடுத்தாலே ஆர்ஓவுக்கு வரும் உப்புச் சுமை குறையும், எவாப்பரேட்டருக்குப் போகும் தண்ணீரும் குறையும்.

இந்த மாதிரிக் கணக்கைத்தான் எனர்ஜி மேனேஜர் தேர்வு கற்றுக்கொடுக்கிறது. மேனேஜர் ஆக மூன்று தாள்: பொதுவான எரிசக்தி நிர்வாகம், பாய்லர் முதலான வெப்பச் சாதனங்கள், மோட்டார் முதலான மின் சாதனங்கள். நான்காவது தாளையும் சேர்த்து எழுதினால் எனர்ஜி ஆடிட்டர். பணியகமே பாடப் புத்தகங்களைத் தன் தளத்தில் வைத்திருக்கிறது, கோச்சிங் சென்டருக்குப் பணம் கட்டும் முன் அதில் இரண்டாம் புத்தகத்தைப் புரட்டிப் பார். உன் தொழிற்சாலையே அதில் இருப்பது போலத் தோன்றும்.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். சிமென்ட், காகிதம், இரும்பு போன்ற தொழில்களில் குறிப்பிட்ட அளவுக்கு மேல் எரிசக்தி செலவழிக்கும் ஆலைகளுக்கு 2001 எரிசக்திச் சேமிப்புச் சட்டப்படி எனர்ஜி மேனேஜர் கட்டாயம். தோல் தொழில் அந்தப் பட்டியலில் இல்லை. ஆகவே டேனரியில் அந்தச் சான்றிதழைச் சுவரில் மாட்டி வைத்தால் மட்டும் பதவி வராது. அதைப் படித்து மேலே சொன்ன கணக்கை ஒரு பக்கத்தில் எழுதி, கழுவுவதற்கு முன் எவ்வளவு, பின் எவ்வளவு என்று இரண்டு மாத எண்களோடு முதலாளி மேசையில் வைக்க வேண்டும். அந்தத் தம்பிக்கு என் பதில்: தேர்வு முதலில், எம்பிஏ அப்புறம். காரணம், அவனுடைய அடுத்த நாற்காலி மாதம் 2 லட்சத்து 60 ஆயிரத்தைக் கண்டுபிடிப்பவனுக்கு உரியது. கண்டுபிடித்துவிட்டால், சான்றிதழ் வரும் முன்பே அவனை மேனேஜர் என்று அழைக்க ஆரம்பித்துவிடுவார்கள். எங்கள் கோப்புகளில் இது நடந்து பார்த்திருக்கிறேன்.

வாடிக்கையாளர் கேட்பது

உற்பத்தியிலும் தரத்திலும் இருப்பவர்களுக்கு இது. ஐரோப்பிய ஒன்றியம் 2015 மே 1 முதல், உடம்பில் படும் தோல் பொருளில் குரோமியம் ஆறு என்ற வடிவம் கிலோவுக்கு 3 மில்லிகிராம் என்ற வரம்பைத் தாண்டக் கூடாது என்று வைத்திருக்கிறது. அதோடு பெரிய பிராண்டுகள் லெதர் ஒர்க்கிங் குரூப் தணிக்கையில் தேறிய டேனரியில்தான் தோல் வாங்குவோம் என்கின்றன. இதனால் ரசாயன நிர்வாகமும் தணிக்கையும் தெரிந்தவருக்கு மதிப்பு ஏறிவிட்டது.

ஆனால் லெதர் ஒர்க்கிங் குரூப்பின் தங்கம், வெள்ளி, வெண்கலத் தரம் தொழிற்சாலைக்குக் கிடைப்பது, ஆளுக்கு அல்ல. அந்தச் சான்றிதழை உன் பெயருக்கு வாங்கித் தருகிறோம் என்று யாராவது பணம் கேட்டால் வாசலோடு அனுப்பிவிடு. நீ பயோடேட்டாவில் எழுத வேண்டியது 'எங்கள் டேனரியின் தணிக்கையில் ரசாயனப் பகுதிக்கு நான் பொறுப்பு' என்ற ஒரு வரிதான். ஐஎஸ்ஓ 14001 லீட் ஆடிட்டர் பயிற்சி என்றால் முறையானது ஐந்து நாள், கடைசியில் தேர்வு உண்டு. அரை நாளில் வீடியோ பார்த்து வரும் பிடிஎஃப் அதே பெயரில் வந்தாலும் அதே பொருள் இல்லை. உன் கம்பெனிக்குள்ளேயே தணிக்கை செய்யப் போகிறாய் என்றால் அதைவிடச் சிறிய இன்டர்னல் ஆடிட்டர் பயிற்சியே போதும். குரோமியம், சாயம், ஃபினிஷிங் பற்றி ஆழமாக வேண்டுமென்றால் அடையாற்றில் இருக்கும் மத்திய தோல் ஆராய்ச்சி நிலையத்தின் குறுகிய காலப் பயிற்சிகளைப் பார். 1948-இல் தொடங்கிய நிலையம் அது, நம் தொழிலுக்கு அதைவிட நெருக்கமான வகுப்பறை கிடையாது.

எம்பிஏ யாருக்கு

எம்பிஏ வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அதற்குரிய நாற்காலி வேறு. ஒரு தொழிற்சாலை முழுவதுக்கும் தலைவராக, லாப நஷ்டக் கணக்குக்குப் பொறுப்பாளராக வேண்டும் என்றால் கட்டாயம் உதவும். குடும்ப டேனரியை விட்டு வேறு வகை நிறுவனத்துக்கு மாற நினைத்தாலும் உதவும்.

நம் வட்டாரத்தில் அந்த வேறு வகை இப்போது கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. செய்யாறு சிப்காட்டில் தைவானின் ஃபெங் டே குழுமம் பல ஆயிரம் பேரை வைத்து விளையாட்டுக் காலணி தயாரிக்கிறது. பனப்பாக்கத்தில் ஹாங் ஃபு குழுமத்தின் ஆலைக்கு 2024 டிசம்பரில் அடிக்கல் நாட்டினார்கள். 2022-இல் தமிழ்நாடு அரசு காலணிக்கும் தோல் பொருளுக்கும் தனிக் கொள்கையே வெளியிட்டது. கலவைக்காரர்களுக்குச் செய்யாறும் பனப்பாக்கமும் பஸ் தூரம்தான். இந்த ஆலைகளில் பேசப்படுவது தோலின் மொழி அல்ல, லைனின் மொழி. ஒரு ஜோடிக்கு எத்தனை நிமிடம், எந்த இடத்தில் வேலை தேங்குகிறது, எத்தனை ஜோடி திரும்பி வருகிறது என்பதுதான் பேச்சு. அங்கே நடு மட்டத்துக்குப் போகச் சிக்ஸ் சிக்மா கிரீன் பெல்ட் மாதிரியான ஒன்று முதலில் கைகொடுக்கும். ஆயிரக்கணக்கான ஆட்களையும் கோடிக்கணக்கான செலவையும் நிர்வகிக்கும் மேல் மட்டத்துக்கு எம்பிஏ பொருந்தும். ஆம்பூர் ஷூ தொழிற்சாலைகளில் தையல் லைனில் பெண்கள் நிறைந்திருக்கிறார்கள், மேலே மேனேஜர் அறையில் அவ்வளவு பேர் இல்லை. என்ஜினீயரிங் படித்துவிட்டு இந்த லைன்களில் இருக்கும் தங்கைகள் எம்பிஏவைத் தயங்காமல் யோசிக்கலாம்.

இரண்டு வருடம் வேலையை விட்டு முழுநேரம் படிப்பது வீட்டுக் கடன், பிள்ளை ஃபீஸ் உள்ள உனக்கு ஒத்துவராது. தொலைநிலை, ஆன்லைன் வழியில் படிக்கலாம். அங்கீகாரம் பெற்ற பல்கலைக்கழகத்தின் தொலைநிலை, ஆன்லைன் பட்டம் நேரடிப் பட்டத்துக்குச் சமம் என்று யுஜிசி 2022-இல் அறிவித்திருக்கிறது. ஆனால் அங்கீகாரம் பல்கலைக்கழகத்துக்கு மட்டும் இருந்தால் போதாது. அந்தக் குறிப்பிட்ட படிப்புக்கும், நீ சேரும் அந்த ஆண்டுக்கும் இருக்க வேண்டும். deb.ugc.ac.in தளத்தில் பட்டியலைப் பார்த்துவிட்டுப் பணம் கட்டு. இந்த வழியில் எம்பிஏ இரண்டு வருடப் படிப்பு. ஒரே வருடத்தில் பட்டம் தருகிறோம், போன வருடத் தேதியிட்டுத் தருகிறோம் என்பவரிடம் போனால், பின்னாளில் சான்றிதழ் சரிபார்ப்பில் இருக்கிற வேலையும் போகும். அந்தச் சரிபார்ப்பை நாங்கள் வெளி நிறுவனத்தை வைத்துச் செய்கிறோம், பெரிய கம்பெனிகள் எல்லாமே செய்கின்றன.

சிறப்புப் பாடம் எடுக்கும்போது ஆப்பரேஷன்ஸ் அல்லது நிதி எடு. என்ஜினீயரிடம் இல்லாதது கணக்கு வாசிக்கும் பழக்கம்தான். வெட் ப்ளூ சரக்காகக் கிடங்கில் கிடக்கும் தோலில் எவ்வளவு பணம் எத்தனை நாள் முடங்குகிறது, அதற்கு வட்டி எவ்வளவு என்று சொல்லத் தெரிந்த உற்பத்தி மேனேஜரை முதலாளி விடமாட்டார். கடைசி ஆண்டு புராஜெக்டை உன் தொழிற்சாலையின் ஒரு உண்மையான பிரச்சினையில் செய். யாரோ எழுதி விற்கும் புராஜெக்டை வாங்கினால், அந்தப் படிப்பில் உனக்கு உருப்படியாகக் கிடைக்க வேண்டிய ஒன்றையும் நீயே விட்டுக்கொடுத்ததாகும்.

பணம் கட்டுவதற்கு முன் பர்சனலுக்கு வா

பலர் ஃபீஸ் கட்டிய பிறகு ரசீதைக் கொண்டுவந்து நீட்டுகிறார்கள். அப்போது நாங்கள் ஒன்றும் செய்ய முடியாது. முன்கூட்டியே வந்து கேள். கம்பெனி ஃபீஸில் எவ்வளவு திருப்பித் தரும், எந்தப் படிப்புக்குத் தரும், படித்து முடித்தபின் எத்தனை வருடம் இருக்க வேண்டும் என்று பாண்ட் கேட்கிறார்கள், நடுவில் போனால் முழுத் தொகையா, மீதமுள்ள காலத்துக்கு ஏற்ற தொகையா? இந்தக் கடைசிக் கேள்விதான் முக்கியம். முழுத் தொகை என்று எழுதியிருந்தால், விகிதப்படி என்று மாற்றித் தரச் சொல்லிக் கேட்கலாம், கேட்டால் பெரும்பாலும் மாற்றுவார்கள். கல்விக் கடன் வாங்கினால் வட்டிக்கு வரிச்சலுகை பழைய வரி முறையில் இருப்பவருக்குத்தான், புதிய முறையில் கிடையாது. கடன் கணக்குப் போடும்போது அதையும் பார்த்துக்கொள்.

வகுப்பு எங்கே, எப்போது என்பதையும் பார். ஷிப்டு மாறுகிற வேலையில் சனிக்கிழமை மாலை வகுப்புக்கு ஆம்பூரிலிருந்து சென்னைக்கு ரயில் ஏறிப் போய்வருவது முதல் இரண்டு மாதம் நடக்கும். ஏற்றுமதி சீசன் வந்து ஷிப்மென்ட் நெருக்கும்போது நின்றுவிடும். நின்றுபோன படிப்புகள் பெரும்பாலும் அந்த மாதங்களில்தான் நிற்கின்றன. ஆகவே பரீட்சை எந்த மாதம் வருகிறது என்பதை உன் தொழிற்சாலையின் நெருக்கடி மாதங்களோடு ஒட்டிப் பார்த்துவிட்டு முடிவு செய்.

என் தீர்ப்பைச் சொல்லிவிடுகிறேன். டேனரியிலேயே இருந்து யுடிலிட்டி, சுற்றுச்சூழல், பாதுகாப்பு என்ற மூன்றில் ஒன்றில் மேனேஜர் ஆக நினைக்கும் தம்பிக்கு இப்போது எம்பிஏ தேவையில்லை, அந்தந்தப் பதவிக்குரிய சான்றிதழ்தான் தேவை. ஏற்கெனவே மேனேஜர் ஆகிவிட்டவர், அல்லது பெரிய காலணி ஆலைக்கு மாறப் போகிறவர் எம்பிஏ சேரட்டும். எதில் சேர்ந்தாலும், ஃபீஸ் கட்டும் தேதிக்கு முன்னால் உன் பர்சனல் மேனேஜரிடம் போய், 'இதை முடித்தால் எந்தப் பதவிக்கு என்னைக் கணக்கில் எடுப்பீர்கள்?' என்று கேட்டு, பதிலை மின்னஞ்சலில் வாங்கி வைத்துக்கொள்.